ஒரே நாள், இரண்டு பெயர்

கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என் அறைத்தோழியாக இருந்தவள் ஓர் இரட்டைப் பிறவி. கூடப் பிறந்தவள் வேறு ஊரில் வேறு கல்லூரியில் படித்தாள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசைக்குப் போன பிறகும் தோழியின் பிறந்தநாளை நான் மறந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செய்தி அனுப்பிவிடுவேன். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்டி! அவளுக்கும் சொல்லிடு." இதுதான் வழக்கமான வாசகம். இருவரையும் நினைத்துக்கொண்டேன் என்ற திருப்தியும் எனக்கு இருந்தது.

தோழியின் உறவினர் கல்யாணம் ஒன்றில் அந்த உடன்பிறந்தவளைச் சந்தித்தேன். பந்தியில் பக்கத்து இலை. பாயசம் பரிமாறும் நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பத்து வருஷமா உங்க வாழ்த்து எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா ஒரு தடவைகூட அதுல என் பேரு இருந்ததில்ல."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த வாக்கியம் என்னோடு வீடுவரை வந்தது. அடுத்த வருஷம் தவறைத் திருத்திவிடலாம் என்று, "இரட்டையர் இருவருக்கும் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று பூங்கொத்துப் படத்தோடு அனுப்பினேன். மாலையில் தோழி கூப்பிட்டாள். நன்றி சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "இந்த வருஷம் எனக்குன்னு ஒண்ணும் எழுதலையேடி" என்றாள்.

முதல் வாழ்த்தில் ஒருத்தி விடுபட்டுப் போனாள். இரண்டாவதில் இருவருமே காணாமல் போனார்கள். இரட்டையருக்கு வாழ்த்து எழுதுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டு தவறுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து இதைப் பற்றி அந்தச் சகோதரிகளிடமும், தெரிந்த மற்ற இரட்டையரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இது அபூர்வமான சிலருக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் இரட்டை ஜோடிகள் பிறக்கின்றன என்று 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒரு குழந்தை இரட்டையரில் ஒருவர். உங்கள் அலைபேசியில் உள்ள பெயர்களிலும் அநேகமாக ஓர் இரட்டையர் இருப்பார்.

ஒரு 'உம்' செய்யும் வேலை

பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பில் உம்மைகளைப் படித்திருப்போம். 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் மூன்று, நம் வாழ்த்துச் செய்திக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

'கபிலரும் வந்தார்' என்றால், வேறொருவர் ஏற்கெனவே வந்துவிட்டார், இவர் அவரோடு சேர்கிறார் என்று அர்த்தம். இது எச்ச உம்மை. 'எல்லோரும் வந்தார்கள்', 'இருவரும் வந்தார்கள்' என்றால் ஒருவர் மிச்சமில்லாமல் அனைவரையும் அள்ளிக்கொள்கிறோம். இது முற்றும்மை. 'இரவும் பகலும்' என்று சொல்லும்போது இரண்டையும் பெயர் சொல்லி, சமமாக நிறுத்தி எண்ணுகிறோம். இது எண்ணும்மை.

இப்போது என் பழைய செய்திகளைத் திரும்பப் பாருங்கள். "அவளுக்கும் சொல்லிடு" என்பது எச்ச உம்மை. விருந்து இவளுக்கு, மிச்சம் அவளுக்கு. "இருவருக்கும் வாழ்த்துகள்" என்பது முற்றும்மை. அள்ளிக்கொண்டது உண்மைதான், ஆனால் கையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் எழுதத் தவறியது எண்ணும்மை. பெயர் சொல்லி, ஒவ்வொருவராக.

எச்ச உம்மை கெட்ட சொல் இல்லை. இரட்டையர் வாழ்க்கையில் அது எத்தனை தடவை வருகிறது என்பதுதான் விஷயம். புதுத்துணி எடுக்கப் போனால் "இவளுக்கு எடுத்ததையே அவளுக்கும் வெட்டிடுங்க." பரிசு கொடுத்தால் "ரெண்டு பேரும் வச்சுக்கோங்க." கேக் வாங்கினால் ஒரே கேக்கில் இரண்டு பெயர். என் தோழி சொன்னாள்: "சின்ன வயசுல எங்களுக்குக் கிடைச்ச சாமானெல்லாம் பாதிப் பாதி, இல்லாட்டி ஜோடி ஜோடி. எனக்கு மட்டும்னு முழுசா ஒண்ணு கிடைச்சா அதைத் தலையணைக்குக் கீழ வச்சுத் தூங்குவேன்." வளர்ந்த பிறகு பிறந்தநாளில் ஒரு நண்பர் அனுப்பும் வாழ்த்துக்கு, அந்த முழுசான ஒன்றாக இருக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அதை எழுதும் விதம் முக்கியமாகிறது.

எப்படி எழுதுவது என்று எனக்கு முதலில் காட்டியது ஒரு கோயில். தோழியின் ஊர் அம்மன் கோயிலில், பிறந்தநாளன்று இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தார்கள். சில நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே கோத்திரம், ஒரே ராசி, ஒரே நட்சத்திரம். எல்லாம் ஒன்றுதானே என்று குருக்கள் இருவரையும் சேர்த்து 'இரட்டையர்' என்று சொல்லிவிடவில்லை. ஒரு பெயரைச் சொல்லி நட்சத்திரத்தையும் ராசியையும் சொன்னார். பிறகு அடுத்த பெயரைச் சொல்லி, அதே நட்சத்திரத்தையும் அதே ராசியையும் மறுபடி முழுதாகச் சொன்னார். பெயருக்காக மட்டும் அந்த வரி இரண்டு தடவை சொல்லப்பட்டது. கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு என் செய்திகள் ஞாபகத்துக்கு வந்தன.

ஒரு செய்தியை எழுதிப் பார்ப்போம்

பெரும்பாலானவர்களுக்கு அமையும் நிலை இதுதான்: இரட்டையரில் ஒருவர் நம் நெருங்கிய நண்பர், மற்றவரை ஏதோ கொஞ்சம் தெரியும். உங்கள் தோழி பெயர் வளர்மதி, உடன்பிறந்தவர் வான்மதி என்று வைத்துக்கொள்வோம்.

எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்கள் உறுதியாகத் தெரிய வேண்டும். முதலாவது பெயர். நம் வீடுகளில் இரட்டையருக்கு ஓசை ஒத்த பெயர் வைப்பது வழக்கம். ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். வளர்மதியிடம் வான்மதி என்று எழுதிவிட்டால் மீதிச் செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. வாழ்நாள் முழுக்க "நீ அவளா, இவளா?" என்ற கேள்வியைக் கேட்டவருக்குப் பிறந்தநாளன்றும் அதே கேள்வி வந்து நிற்கும்.

இரண்டாவது தேதி. இரட்டையர் என்றால் ஒரே நாள்தானே என்று தோன்றும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு ஒருவரும் பின்பு ஒருவரும் பிறந்தால் தேதி மாறிவிடும். அப்படிப் பிறந்தவர்கள் உண்டு. முதல் குழந்தை டிசம்பர் 31, இரண்டாவது ஜனவரி 1 என்று ஆண்டே மாறிப்போனவர்களும் உண்டு. ஒரே முறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது முறைப்பெயர். ஆங்கிலத்தில் மூத்தவர் இளையவர் என்று சொல்லாமலே உடன்பிறந்தவரைக் குறிப்பிட்டுவிடலாம். நம் பேச்சில் அக்கா என்றோ தங்கை என்றோ, அண்ணன் என்றோ தம்பி என்றோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். இரட்டையரிடம் இது எளிதான கேள்வி இல்லை. முதலில் வெளியே வந்தவர்தான் மூத்தவர் என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நைஜீரியாவின் யோருபா மக்களிடம் கணக்கு தலைகீழ். முதலில் பிறக்கும் குழந்தைக்குத் தாயிவோ, பின்னால் பிறக்கும் குழந்தைக்குக் கெஹிந்தே என்று பெயர். கெஹிந்தேதான் மூத்தவர். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தாயிவோவை முன்னால் அனுப்பிவைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. சில இரட்டையர் இந்த மூத்தவர் இளையவர் முறையை மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்கிறார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். உங்கள் தோழி வீட்டில் எப்படி என்று தெரியாவிட்டால் "உன் தங்கச்சி" என்று ஊகிக்க வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

இனிச் செய்தி. நான் முன்பு எழுதியிருக்கக்கூடிய வாசகம் இப்படி இருக்கும்: "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் வளர்! வான்மதிக்கும் சொல்லிடு." பெயர் வந்துவிட்டது. ஆனாலும் வான்மதிக்கு என்று அதில் எதுவும் இல்லை. வாழ்த்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் பிறந்தநாள்காரியின் தலையில்தான் விழுகிறது.

மறுபக்கம் சாய்ந்தால் இப்படி ஆகும்: "வளர்மதிக்கும் வான்மதிக்கும் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ வேண்டும்." பெயர்கள் சமமாக நிற்கின்றன, எண்ணும்மை சரியாக வந்திருக்கிறது. ஆனால் மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவள் அனுப்பிய செய்தி மாதிரி இருக்கிறதா? விழா மேடை வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது. இன்னொருத்தியை மறக்கக் கூடாது என்ற கவனத்தில் நம் தோழியையே மறந்துவிட்டோம்.

நான் இப்போது எழுதும் முறை இது:

"வளர், பிறந்தநாள் வாழ்த்துகள்டி. போன ஆடி மாசம் அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப, ராத்திரி பத்து மணிக்கு டிபன் கேரியரோட வந்து நின்னியே, அதை நினைக்காத நாள் இல்ல. இந்த வருஷம் நீ ஆரம்பிச்ச தையல் வகுப்பு நல்லா நடக்கணும். அடுத்த வாரம் வர்றேன், உன் கையால ரசம் சாப்பிடணும்.

இதுக்குக் கீழ இருக்கிறது வான்மதிக்கு. அவங்ககிட்ட காட்டு.

வான்மதி, பிறந்தநாள் வாழ்த்துகள். உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க நட்ட வேப்பங்கன்னு பிடிச்சிருச்சுன்னு வளர் சொன்னா. அந்த நிழல்ல ஒரு நாள் உங்களைப் பார்க்க வரணும்."

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். முதல் பகுதி முழுக்க வளர்மதிக்கு மட்டும். அதில் 'இரட்டை' என்ற சொல் இல்லை, 'நீங்க ரெண்டு பேரும்' இல்லை. அவள் ஒருத்திக்கு மட்டுமே பொருந்தும் ஒரு ராத்திரியும் ஒரு டிபன் கேரியரும் இருக்கின்றன. இந்தப் பகுதியை வான்மதிக்கு அனுப்ப முடியாது. ஒரு வாழ்த்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதுதான் எளிய சோதனை. பெயரை மாற்றிவிட்டு மற்றவருக்கு அப்படியே அனுப்ப முடியும் என்றால், அது யாருக்கும் எழுதப்பட்ட வாழ்த்து இல்லை.

இரண்டாவது பகுதி வான்மதியைப் பற்றிப் பேசவில்லை, வான்மதியிடம் பேசுகிறது. 'அவளுக்கும் சொல்லிடு' என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். வான்மதியின் எண் நம்மிடம் இல்லாவிட்டாலும் அவர் பெயரைக் கூப்பிட்டு எழுதிய வரி அவர் கண்ணில் படும். எண் இருந்தால் அவருக்கே தனியாக அனுப்பிவிடலாம். அப்போது தோழிக்கு "வான்மதிக்குத் தனியா அனுப்பியிருக்கேன்" என்று ஒரு வரி போதும்.

நீளத்தைக் கவனியுங்கள். இரண்டும் சமமாக இல்லை, சமமாக இருக்க வேண்டியதும் இல்லை. தோழிக்கு நான்கு வரி, அவள் உடன்பிறந்தவருக்கு மூன்று வரி என்பது நம் பழக்கத்தின் அளவு. அளவு குறைந்ததற்கு யாரும் வருத்தப்படப் போவதில்லை. வான்மதிக்கு நான் எழுதிய வரியில் உள்ள வேப்பங்கன்று அவருடையது. அது போதும்.

மரியாதை ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லில் வருவது நம் மொழியின் இயல்பு. தோழியை 'நீ' என்றும் அதிகம் பழகாத உடன்பிறந்தவரை 'நீங்க' என்றும் எழுதுவது இயற்கைதான். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால், 'நீங்க' என்பது வான்மதி ஒருத்தியா, இரண்டு பேருமா என்று குழப்பம் வரும். அதனால்தான் மேலே பத்தியைப் பிரித்து, இரண்டாவது பத்தியைப் பெயரிலேயே தொடங்கியிருக்கிறேன்.

அந்த இரட்டையர் இருவருமே உங்களுக்குச் சம நெருக்கம் என்றால், இரண்டு செய்திகள் எழுதுங்கள். ஒன்றை எழுதிப் பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்பிவிடலாம் என்ற ஆசை வரும். இரட்டையர் அன்று காலை பக்கத்தில் உட்கார்ந்தோ போனிலோ பேசிக்கொள்வார்கள். இரண்டு செய்தியும் அடுத்தடுத்துப் படிக்கப்படும். நேரத்தையும் ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் மற்றவருக்கு மாலை ஆறு மணிக்கும் அனுப்பினால், நடுவில் உள்ள அந்தப் பகல் முழுதும் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

நாள் ஒன்றுதான், வாழ்க்கை வேறு

தனித்தனியாக எழுத ஒருவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால், அவர்களை ஒரே ஆளாகப் பார்த்துப் பழகிவிட்டோம் என்று அர்த்தம். அப்போது நான் நினைத்துக்கொள்வது ஆர்க்காடு முதலியார் சகோதரர்களை. 1887 அக்டோபர் 14 அன்று கர்னூலில் இரட்டையராகப் பிறந்தார்கள். பேர்கூட ராமசாமி, லட்சுமணசாமி என்று ஜோடிதான். இருவருமே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார்கள். ராமசாமி முதலியார் வழக்கறிஞராகி, நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராகி, மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். லட்சுமணசாமி முதலியார் மருத்துவரானார். பிரசவ மருத்துவத்துக்கு அவர் எழுதிய பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். இவர்களுக்கு 'புகழ்பெற்ற இரட்டையருக்கு வாழ்த்துகள்' என்று ஒருவர் எழுதியிருந்தால் அதில் திவானும் இல்லை, மருத்துவரும் இல்லை.

உங்கள் நண்பர்களிடம் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் காப்பி குடிப்பார், மற்றவர் தொடமாட்டார். ஒருவருக்கு அப்பாவின் பழைய மோட்டார் பைக் மேல் உயிர், மற்றவருக்கு அது சத்தம். ஒரு வாழ்த்துக்கு அந்த அளவு போதும்.

ஒருவருக்கு ஏற்றம், ஒருவருக்கு இறக்கம்

சில வருஷங்களில் பிறந்தநாள் ஒன்றாக வந்தாலும் நல்ல காலம் ஒன்றாக வருவதில்லை. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர்கள் ஸ்டீவ் வா, மார்க் வா இருவரும் 1965 ஜூன் 2 அன்று பிறந்த இரட்டையர். ஸ்டீவ் 1985 டிசம்பரிலேயே டெஸ்ட் அணிக்குள் வந்துவிட்டார். மார்க் ஐந்து வருஷம் காத்திருந்தார். அந்த நாட்களில் சக வீரர்கள் மார்க்குக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆப்கானிஸ்தான்'. ஆப்கன் போரை அப்போது 'மறக்கப்பட்ட போர்' என்று சொல்வார்கள். போருக்கான ஆங்கிலச் சொல்லும் 'வா' என்ற குடும்பப் பெயரும் ஒலியில் நெருங்கிவரும். மறக்கப்பட்ட வா. கடைசியில் 1991 ஜனவரியில், அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக மார்க்குக்கு வாய்ப்பு வந்தது. அணியிலிருந்து நீக்கப்பட்டவர் ஸ்டீவ். அந்தச் செய்தியை மார்க்கிடம் சொன்னதும் ஸ்டீவ்தான். மார்க் முதல் ஆட்டத்திலேயே 138 ரன் எடுத்தார்.

ஒருவரின் சந்தோஷமும் மற்றவரின் இழப்பும் ஒரே வீட்டுக்கு, ஒரே தபாலில் வந்த மாதிரி. நம் வீடுகளில் இது கிரிக்கெட்டில் நடப்பதில்லை. கல்யாணத்தில் நடக்கிறது, குழந்தையில் நடக்கிறது, வேலையில் நடக்கிறது. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், மற்றவளுக்கு வரன் அமையாமல் இருக்கும். உறவுக்காரர்கள் ஏற்கெனவே இருவரையும் தராசில் வைத்திருப்பார்கள். பிறந்தநாளன்று நாம் நல்லெண்ணத்தோடு, "அடுத்த வருஷம் உனக்கும் நல்ல செய்தி வரட்டும்" என்று எழுதுவோம்.

அந்த 'உனக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மறுபடி எச்ச உம்மை. அவளுக்கு வந்துவிட்டது, உனக்கு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. எழுதியவருக்குத் தெரியாது, படிப்பவருக்கு உடனே தெரியும்.

இந்த மாதிரி வருஷத்தில் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று. ஒருவர் செய்தியில் மற்றவரின் ஏற்றத்தையும் எழுத மாட்டேன், இறக்கத்தையும் எழுத மாட்டேன். குழந்தை பெற்றவளுக்கு எழுதும்போது குழந்தையைப் பற்றி மனம் நிறைய எழுதலாம். மற்றவளுக்கு எழுதும்போது அவள் தோட்டம், அவள் வேலை, போன மாதம் அவளோடு போன சினிமா. இரண்டையும் ஒரே குழுவில், எல்லோர் முன்னாலும் போடுவதைவிடத் தனித்தனியாக அனுப்புவது நல்லது. குடும்பக் குழுவிலோ நண்பர் குழுவிலோ வாழ்த்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், அங்கே இரண்டு பெயரையும் சொல்லி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தனிச்செய்தியில் எழுதுங்கள்.

குழு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டேட்டஸில் வைக்கும் புகைப்படம். உருவ ஒற்றுமை உள்ள இரட்டையரின் பழைய பள்ளிப் படம் ஒன்றை எடுத்து, தோழி என்று நினைத்து அவள் உடன்பிறந்தவளின் படத்தை வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் இருந்தால் முன்பே தோழியிடம் படத்தை அனுப்பி "இது நீதானே?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை. இருவரும் சேர்ந்த படத்தைப் போட்டு "யார் யார்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அந்தப் புதிரைத் தெருவும் பள்ளியும் கல்யாண வீடுகளும் அவர்களிடம் ஆயிரம் தடவை போட்டாகிவிட்டது. இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று பெயரை எழுதி வைத்தால் அதுவே வாழ்த்து.

ஒருவர் இல்லாத பிறந்தநாள்

எழுதவே கை வராத ஒரு நிலை உண்டு. இரட்டையரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவரின் பிறந்தநாள் வருகிறது. அது இறந்தவரின் பிறந்தநாளும்தான்.

தெரிந்த ஒருவர், தம்பியை இழந்த இரட்டையர், அதற்குப் பிந்தைய முதல் பிறந்தநாளைப் பற்றிச் சொன்னார். அன்று வழக்கமாக வரும் செய்திகளில் பாதிகூட வரவில்லையாம். என்ன எழுதுவது என்று தெரியாமல் பலர் ஒதுங்கிவிட்டார்கள். வந்த சில செய்திகளில் பலூன் படமும் கேக் படமும் இருந்தன, எதுவுமே நடக்காத மாதிரி. இன்னும் சிலவற்றில் ஆறுதல் மட்டும் இருந்தது, அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே எழுதியவர்களுக்கு மறந்துபோன மாதிரி. ஒரே ஒரு நண்பர் மட்டும் இரண்டு வரி அனுப்பியிருந்தார். அந்த வரிகளை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். தம்பி பெயரை மட்டும் விட்டுவிட்டு இங்கே தருகிறேன்: "இன்னிக்கு உன் பிறந்தநாள்டா. அவனோட பிறந்தநாளும்தான். சாயந்திரம் வர்றேன்."

இதே 'உம்'தான் என் பழைய செய்தியில் உயிரோடு இருந்த ஒருத்தியை ஓரமாக நிறுத்தியது. இங்கே இல்லாத ஒருவனை உள்ளே கூட்டிவருகிறது. சொல் மாறவில்லை. பெயர் சொன்னதும், சாயந்திரம் வருகிறேன் என்றதும் அதன் பொருளை மாற்றிவிட்டன.

இந்த நிலையில் எழுதுபவர் மூன்றை நினைவில் வைத்தால் போதும். அந்த நாளைத் தாண்டிப் போய்விட வேண்டாம், செய்தி அனுப்புங்கள். இருப்பவரை முதலில் வாழ்த்துங்கள், அது அவருடைய நாளாகவும் இருக்கட்டும். இறந்தவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அந்தப் பெயரை இனி யாருமே சொல்ல மாட்டார்களோ என்பதுதான் அவர்களுடைய பெரிய பயம். அவர் அந்தப் பேச்சை எடுக்கவே விரும்பாதவர் என்று உங்களுக்குத் தெரிந்தால், நீளமாக எழுதாமல் "இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். 'ரெண்டு பேரும்' என்ற சொல் பொருத்தமாக வந்து அமரும் இடம் அது.

என் தோழிக்கும் அவள் உடன்பிறந்தவளுக்கும் இப்போது இரண்டு செய்திகள் அனுப்புகிறேன். கூடுதலாக எனக்கு ஆவது ஐந்து நிமிஷம். கல்யாணப் பந்தியில் பேசியவளின் எண்ணை அன்றே வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

உங்கள் நண்பர்களில் ஓர் இரட்டையர் இருந்தால், பிறந்தநாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூடப் பிறந்தவரின் பெயரை எப்படி எழுதுவது, எந்தத் தேதி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று இன்றே கேட்டுக் குறித்துவையுங்கள். அந்த நாள் வரும்போது, ஒரு பெயரைச் சொல்லி முழுதாக வாழ்த்திவிட்டு, அடுத்த பெயரையும் சொல்லுங்கள்.